நலங்குப் படமும் பன்னிரண்டு பிரீசெட்டுகளும்: டர்பனில் நடந்த ஒரு விற்பனையின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியின் அனுபவம் இது. கணவர் திருமணப் படங்கள் எடுப்பவர். மனைவி அவற்றுக்கு வண்ணத் திருத்தம் செய்பவர். தைப்பூசக் காவடியின் போதும் மாரியம்மன் கோயில் திருவிழாக்களிலும் இருவரும் சேர்ந்தே படம் எடுப்பார்கள். நானும் அதே ஊரில் வண்ணத் திருத்தம் செய்து பிழைப்பவன் என்பதால், சிக்கல் முற்றியபோது என்னை அழைத்தார்கள். அவர்களுடைய ஒப்புதலோடும், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் ஒப்புதலோடும், யாருடைய பெயரையும் சொல்லாமல் எழுதுகிறேன்.

அவர்களுடைய படங்களின் நிறம் பலருக்குப் பிடித்திருந்தது. "அந்த நிறத்தை எங்களுக்கும் கொடுங்களேன்" என்று உறவினர்களும் பழைய வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காவடி முடிந்து வேலை குறைந்த பிப்ரவரி இறுதியில், 12 பிரீசெட்டுகளை ஒரு தொகுப்பாக்கி விற்கத் தொடங்கினார்கள்.

பிரீசெட் என்பது ஒரு படத்தின் ஒளி, இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள மாறுபாடு, நிறங்கள் ஆகியவற்றுக்கு வைத்த அளவுகளின் தொகுப்பு. லைட்ரூம் கைப்பேசிச் செயலியில் அதைச் சேமித்துக்கொண்டால், ஒரே தொடுதலில் வேறொரு படத்துக்கும் அதே அளவுகளைப் போடலாம். பார்வைக்கு இது கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரைப் போலத்தான் தெரியும். ஆனால் ஃபில்டரில் பெரும்பாலும் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே முடியும். பிரீசெட்டைப் போட்ட பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக நகர்த்தலாம்.

வாங்குபவர்களில் பெரும்பாலோரிடம் கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான். அதனால் பிரீசெட்டுகளை `.dng` கோப்புகளாகக் கொடுத்தார்கள். வாங்கியவர் அந்தக் கோப்பைச் செயலியில் திறப்பார். அங்கே ஒரு படம் வரும். அந்தப் படத்தின் மீது போடப்பட்டிருக்கும் அளவுகளைத் தன் பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்வார். கைப்பேசி பிரீசெட் விற்பவர்களிடையே இது நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ள முறை. இங்கே வந்த பெரிய சேதத்துக்கும் இதுவே வழியாக அமைந்தது.

விலை 450 ரேண்ட். விளம்பரத்தில் 1,200 ரேண்ட் என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் 450 என்று போட்டிருந்தார்கள். பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தி, செலுத்தியதற்கான சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கோப்புகள் இருக்கும் இணைப்பு வந்துசேரும். மூன்று வாரத்தில் 38 பேர் வாங்கினார்கள்.

## முதலில் கண்டது: புகார்கள்

அந்த 38 பேரில் 11 பேர் ஏறத்தாழ ஒரே குறையைச் சொன்னார்கள்: விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் தங்கள் படம் வரவில்லை. தம்பதி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். ஒளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், கொஞ்சம் குறையுங்கள் என்று வழிகாட்டினார்கள். ஒரு புகாருக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆனது என்று மனைவி பின்னர் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

அப்போதுதான் என்னை அழைத்தார்கள். புகார் சொன்ன மூவரிடம், திருத்தாத மூலப் படத்தை அப்படியே அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொன்னேன். மூன்றும் கைப்பேசியில் எடுத்த ஜேபெக் படங்கள். முதல் படம் காவடி எடுத்த ஒரு பெரியவருடையது. நெற்றியிலும் மார்பிலும் விபூதி, இடுப்பில் மஞ்சள் வேட்டி, உச்சி வெயில். தொகுப்பில் அதிகம் விரும்பப்பட்ட பிரீசெட்டை அதன் மீது போட்டேன். பெரியவரின் கருத்த தோல் சாம்பல் பூத்துப்போனது. எது விபூதி, எது தோல் என்று பிரித்தறிய முடியவில்லை. வேட்டியின் மஞ்சள் காவிக்கும் பழுப்புக்கும் இடையில் எங்கோ போய் நின்றது. நெற்றிக் குங்குமம் செங்கல் நிறமாகிவிட்டது.

## ஏன் அப்படி ஆனது

மூன்று காரணங்களைக் கண்டோம். மூன்றும் விளம்பரப் படங்களோடு தொடர்புடையவை.

முதல் காரணம், ஆரஞ்சு. மனிதத் தோலின் நிறம், கருப்போ வெளுப்போ, செயலியின் கணக்கில் பெரும்பாலும் ஆரஞ்சு வரிசையில்தான் விழும். இந்தப் பிரீசெட்டில் ஆரஞ்சின் வெளிச்சத்தை 25 கூட்டி, அடர்த்தியை 20 குறைத்திருந்தார்கள். மணமேடை விளக்கில், ஒப்பனை செய்த மணப்பெண்ணின் முகத்தில் அது பட்டுப்போல் அமைந்தது. ஒப்பனை இல்லாத கருத்த தோலில் அதே அளவு, நிறத்தை உறிஞ்சிவிட்டு வெளிச்சத்தை மட்டும் ஏற்றியது. அதுதான் அந்தச் சாம்பல் பூச்சு. சிவப்பை ஆரஞ்சுப் பக்கமும் மஞ்சளை ஆரஞ்சுப் பக்கமும் தள்ளியிருந்ததால் குங்குமமும் மஞ்சள் வேட்டியும் கெட்டன. நம் சடங்குப் படங்களில் மஞ்சள், குங்குமம், விபூதி மூன்றும் நிறம் மாறக்கூடாதவை. அவற்றைக் கெடுக்கும் பிரீசெட்டைத் தமிழ்த் திருமணத்துக்கு ஏற்றது என்று விற்பது சரியில்லை என்று தம்பதியிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

இரண்டாவது காரணம், ரா கோப்புக்கும் ஜேபெக்குக்கும் உள்ள வேறுபாடு. 12 பிரீசெட்டுகளும், கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா படங்களின் மீது உருவாக்கப்பட்டவை. ராவில், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி விளக்கொளியின் நிறத்தை ஈடுசெய்யும் வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் எண்ணாகக் குறிப்பார்கள். ஜேபெக்கில் அந்தச் சமநிலை ஏற்கெனவே படத்தில் கலந்துவிட்டது. அங்கே இருப்பதிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தத்தான் முடியும். பிரீசெட்டை `.xmp` கோப்பாக எடுத்துத் திறந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு வரிகள் என்பது தெரியும்:

```
crs:Temperature="4850"
crs:IncrementalTemperature="-12"
```

முதல் வரி ராவுக்கு, இரண்டாவது ஜேபெக்குக்கு. இவர்களுடைய கோப்புகளில் முதல் வகை மட்டுமே இருந்தது. ஆகவே கைப்பேசி ஜேபெக்கில் அந்த எண்ணால் பயனில்லை. ராவில் எடுப்பவருக்கோ வேறு தொல்லை. மஞ்சள் பல்பு எரியும் வீட்டுக்குள் எடுத்த படத்துக்கு 4850 போட்டால் படம் முழுவதும் ஆரஞ்சாகும். மர நிழலில் எடுத்ததற்குப் போட்டால் நீலம் ஏறும். வெள்ளைச் சமநிலையைப் பிரீசெட்டில் சேமிக்காமல் விட்டிருந்தாலே இந்தப் பாதி வம்பு வந்திருக்காது. மீதிப் பாதி, மாறுபாட்டால் வந்தது. ரா படம் தட்டையாக இருக்கும். அதற்கென்று வலுவான மாறுபாடு வைத்திருந்தார்கள். கைப்பேசி ஜேபெக்கில் கைப்பேசியே ஒரு முறை மாறுபாட்டை ஏற்றி முடித்திருக்கிறது. அதன் மேல் இன்னொரு முறை ஏற்றினால் வெள்ளை வேட்டியின் மடிப்புகளெல்லாம் மறைந்து வெறும் வெள்ளையாகிவிடுகிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லத் தம்பதி கொஞ்சம் தயங்கினார்கள். நான் கேட்டபோது மனைவி தன் கைப்பேசியில் திருத்த வரலாற்றைத் திறந்து காட்டினார். விளம்பரத்தின் 'பின்' படங்களில் பிரீசெட்டோடு வேலை நிற்கவில்லை. மணப்பெண்ணின் முகத்தின் மீது, அந்தப் பகுதியை மட்டும் திருத்த உதவும் மாஸ்க்கைத் தூரிகையால் வரைந்து வெளிச்சம் ஏற்றியிருந்தார். படத்தின் பின்னணியை இன்னொரு மாஸ்க்கால் இருட்டியிருந்தார். ஒரு முகத்தின் மேல் கையால் வரைந்த மாஸ்க், வேறொரு படத்தில் அதே இடத்தில் சுவரின் மீதோ தோளின் மீதோ விழும். அதனால் அவற்றைப் பிரீசெட்டில் சேர்க்கவில்லை. அதோடு 'முன்' படங்களில் ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து, உள்ளதைவிட மங்கலாகக் காட்டியிருந்தார்கள். "எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், அண்ணா" என்றார் கணவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வாங்குபவர் அந்த 'முன்', 'பின்' இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்துத்தான் பணம் கொடுக்கிறார். அந்தத் தூரத்தில் பாதியைத்தான் பிரீசெட் கடந்தது.

## திருப்பம்: ஒரு தொலைபேசி அழைப்பு

நாங்கள் புதிய பிரீசெட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்த வாரத்தில் கணவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியைச் சேர்ந்தவர், முந்தைய ஆண்டு இவர்கள் படம் எடுத்த ஒரு மணப்பெண்ணின் அண்ணன். அவருடைய மனைவியின் தோழி இந்தத் தொகுப்பை வாங்கியிருக்கிறார். ஒரு கோப்பைத் திறந்ததும் திரையில் வந்தது அந்த மணப்பெண்ணின் நலங்குப் படம். வீட்டுக் கூடத்தில் பலகையில் உட்கார்ந்து, முகத்திலும் கையிலும் மஞ்சள் பூசி, பழைய புடவையில், கண்ணை மூடிச் சிரிக்கும் படம். குடும்பத்துக்குள் மட்டும் இருக்க வேண்டியது.

அண்ணன் சத்தம் போடவில்லை. "தம்பி, படம் எடுப்பதற்குத்தானே உங்களுக்குப் பணம் கொடுத்தோம். என் தங்கையின் படத்தை ஊருக்கு விற்கச் சொன்னோமா?" என்று மட்டும் கேட்டாராம்.

நடந்தது இதுதான். `.dng` பிரீசெட் கோப்பு வெறும் எண்களின் பட்டியல் அன்று. அது ஒரு முழு ரா படம். அளவுகள் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்புகள் மட்டுமே. வாங்கியவர் திருத்தங்களை நீக்கச் சொன்னால், திருத்தாத மூலப் படம் முழு அளவில் அப்படியே வந்து நிற்கும். 12 கோப்புகளுக்கும், அளவுகளைச் சுமந்து செல்லும் சுமைப் படங்களாக அந்த ஒரே திருமணத்தின் படங்களையே வைத்திருந்தார்கள். திருத்தம் அழகாக அமைந்த படத்தை அப்படியே ஏற்றுமதி செய்து கோப்பாக்கியதுதான் காரணம். வேறு யோசனையே அப்போது வரவில்லை என்றார் மனைவி.

நான் அந்தக் கோப்பைத் திறந்து தகவல் பகுதியைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 12 படங்களில் 3 படங்கள் மனைவியின் கைப்பேசியில், இடக்குறிப்பு இயங்கும் நிலையில் ராவாக எடுக்கப்பட்டவை. எடுத்த நாள், நேரத்தோடு அந்த வீடு இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளும் கோப்பிலேயே இருந்தன. ஒரு பெண்ணின் நலங்குப் படமும் அவளுடைய தாய்வீட்டின் இருப்பிடமும் 38 பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மனைவி கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே விற்பனையை நிறுத்திக் கோப்புகளின் இணைப்பை மூடினார்கள். விளம்பரப் படங்களையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் இருவரும் ஃபீனிக்ஸ் போய், அந்தக் குடும்பத்தினரின் முன் உட்கார்ந்து நடந்ததை முழுதும் சொன்னார்கள். இடக்குறிப்பைப் பற்றி அந்தக் குடும்பம் அதுவரை அறிந்திருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று முந்தைய இரவு கணவர் என்னிடம் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். ஆபத்து யாருக்கோ அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சொன்னார்கள்.

பிறகு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். அவர் காட்டிய ஒரு செய்தி, படம் எடுக்கும் தொழிலில் 12 ஆண்டுகள் இருந்த கணவருக்கே புதிது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, ஒரு புகைப்படத்தை எடுக்கச் சொன்னால் அதன் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே உரியது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால்தான் அது மாறும். இவர்களுடைய திருமண ஒப்பந்தத்தில் உரிமையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆக, அந்த 12 படங்களுக்கும் உரிமையாளர் மணவீட்டார்தான். "உங்கள் வேலைக்கு மாதிரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மணப்பெண் முன்பு வாய்மொழியாகச் சொன்னது, தேர்ந்தெடுத்த சில படங்களைக் காட்டுவதற்கு மட்டும். விற்கும் கோப்புக்குள் வைத்துக் கொடுப்பதற்கு அன்று. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு குறுக்கே நின்றது. ஒருவரின் அடையாளமும் வீட்டின் இடமும் அதன் வரம்புக்குள் வருபவை.

இதன் ஒளியில் பார்த்தால், பழைய உரிம விதிகளின் முதல் வரியே பிழை. 'இந்தத் தொகுப்பிலுள்ள எல்லாப் படங்களும் எங்கள் பதிப்புரிமை' என்று எழுதியிருந்தார்கள். வேறொரு விற்பனையாளரின் விதிகளைப் பார்த்து எழுதியது அது. வேறு நாட்டில் அது சரியாக இருக்கலாம். தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறருக்கு வழங்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

அடுத்து 38 பேருக்கும் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. அதன் வாசகத்தை நாங்கள் மூவரும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எழுதினோம். என்ன நடந்தது, எந்தக் கோப்புகள், செயலியிலிருந்தும் கைப்பேசியின் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் அவற்றை எப்படி அழிப்பது என்று சொன்னோம். ஒரு வரி முக்கியமாக உதவியது: 'நீங்கள் ஏற்கெனவே சேமித்துக்கொண்ட பிரீசெட் அழியாது; அதில் எண்கள் மட்டுமே இருக்கின்றன. படத்தை மட்டும் அழியுங்கள்.' பணம் கொடுத்து வாங்கியது போய்விடுமோ என்ற அச்சம் நீங்கியதால்தான் பலர் உடனே அழித்தார்கள் என்று நினைக்கிறேன். புதிய தொகுப்பு இலவசமாக வரும், வேண்டாம் என்பவருக்கு முழுப் பணமும் திரும்பும் என்றும் எழுதினோம்.

பணத்தைத் திருப்புவது பெருந்தன்மையால் மட்டும் எடுத்த முடிவன்று. 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிமாற்றச் சட்டம், இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, முழு விலை, பணம் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் பொருளைப் பெற்ற 14 நாட்களுக்குள் வாங்கியவர் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். இவர்களுடைய விளம்பரத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் மட்டுமே இருந்தது. 'டிஜிட்டல் பொருள், பணம் திரும்பாது' என்ற வரியை நம்பி வாதாட இடமில்லை என்று வழக்கறிஞர் சொன்னார்.

## புதிய தொகுப்பு

12 பிரீசெட்டுகளை 5 ஆகக் குறைத்தோம். 12இல் பல, ஒன்றையே சிறிது மாற்றியவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள் செய்தோம்: ராவுக்கு ஒன்று, கைப்பேசி ஜேபெக்குக்கு ஒன்று. ஜேபெக் வடிவத்தில் மாறுபாடு ராவில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. வெள்ளைச் சமநிலையை இரண்டிலும் சேமிக்கவில்லை. தோலுக்காக ஆரஞ்சைப் பிடித்து இழுப்பதை விட்டுவிட்டு, ஒட்டுமொத்த ஒளி வளைவால் மென்மையைக் கொண்டுவந்தோம். சிவப்பையும் மஞ்சளையும் திசை மாற்றாமல் விட்டோம். காவடிப் பெரியவரின் அதே படத்தை ஒவ்வொரு முறையும் சோதனைப் படமாக வைத்துக்கொண்டோம். அவருடைய பேரன்தான் புகார் சொன்னவர், மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார்.

சுமைப் படம் இனி ஒரு சாம்பல் நிற அட்டையின் படம். இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுத்தது. `.dng` கோப்போடு `.xmp` வடிவமும் கொடுக்கப்படுகிறது. அதில் படமே இல்லாததால் அதைச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே நல்லது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் வேறொருவருடைய கைப்பேசியில் திறந்து, திருத்தங்களை நீக்கி, தகவல் பகுதியைப் படித்துப் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு கோப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

விளம்பரப் படங்களுக்கு நாங்களே விதி வகுத்தோம். 'முன்' படம் கைப்பேசியிலிருந்து வந்த அதே படம். 'பின்' படத்தில் பிரீசெட் மட்டும். ஒளி அளவை நகர்த்தியிருந்தால் எவ்வளவு என்று படத்தின் கீழேயே எழுத வேண்டும். மாஸ்க் கூடாது. படத்தில் இருப்பவர்கள் கணவரின் அம்மா, இரண்டு அண்ணன் பிள்ளைகள், காவடிப் பெரியவர், வெளுத்த தோலுள்ள ஒரு தோழி. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் கையெழுத்திட்டார்கள். தோற்றுப்போன படம் ஒன்றையும் சேர்த்தோம்: ஊதா எல்ஈடி விளக்கு எரியும் திருமண மண்டபத்தில் எடுத்தது. அந்த விளக்கில் தோலின் நிறமே படத்தில் பதிவாவதில்லை; எந்தப் பிரீசெட்டும் இல்லாத நிறத்தைக் கொண்டுவராது. 'இங்கே இது வேலை செய்யாது' என்று அதன் கீழே எழுதினார்கள். கணவர் முதலில் இதற்கு உடன்படவில்லை. மனைவிதான் வற்புறுத்தினார், புகார்களுக்குப் பதில் எழுதியவர் அவர்தானே.

விலையையும் மாற்றினார்கள். 450 ரேண்ட் என்பது வெளிநாட்டுத் தொகுப்புகளின் டாலர் விலையைப் பார்த்து வைத்தது. வாங்கியவர்களோ வீட்டுப் படங்களைத் திருத்தும் சாதாரண மக்கள். 1,200 ரேண்டுக்கு அந்தத் தொகுப்பை யாருக்கும் ஒருநாளும் விற்றதில்லை. அப்படியிருக்க அதை அடித்துக் காட்டுவது பொய். அந்த வரி போய்விட்டது. புதிய விலை 5 பிரீசெட்டுகளுக்கு 180 ரேண்ட், தனி ஒன்று 60 ரேண்ட். அட்டைப் பணம் பெறும் சேவை, தொகையில் 3.5 சதவீதமும் ஒரு பரிமாற்றத்துக்கு 2 ரேண்டும் எடுத்துக்கொள்கிறது. 180 ரேண்டில் அது 8.30, 60 ரேண்டில் 4.10. ஒன்றை 20 ரேண்டுக்கு விற்கலாம் என்று மனைவி நினைத்திருந்தார், அதில் 2.70 போய்விடும், அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் கட்டணத்தைவிட விலையை முடிவு செய்தது அந்த 40 நிமிடம்தான். 11 புகார்கள் ஏழு மணி நேரத்துக்கு மேல் தின்றிருந்தன. புகார் குறைந்தால்தான் குறைந்த விலை தாங்கும்.

உரிம விதிகள் இப்போது எட்டே வரிகள், தமிழிலும் ஆங்கிலத்திலும். வாங்கியவர் ஒருவர், தன்னுடைய எல்லாக் கருவிகளிலும் பயன்படுத்தலாம். தான் எடுத்த படங்களிலும், கூலிக்கு எடுத்துக் கொடுக்கும் படங்களிலும் பயன்படுத்தலாம். கோப்பையோ, சிறிது மாற்றிய பிரீசெட்டையோ பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. மூன்று பேர் வரை வேலை செய்யும் ஸ்டூடியோவுக்குத் தனி உரிமம், 650 ரேண்ட். விளம்பரப் படங்களில் இருப்பவர்களின் படங்கள் விற்பனையில் சேராது. அவற்றை எடுத்து வேறெங்கும் போடக்கூடாது. மற்ற வரிகள் பணம் திரும்பப் பெறுவதையும் தொடர்பு முகவரியையும் சொல்கின்றன.

'மீறினால் வழக்குத் தொடருவோம்' என்ற பழைய வரியை எடுத்துவிடச் சொன்னது நான். பிரீசெட்டைப் போட்டதும் எல்லா அளவுகளும் திரையிலேயே தெரிகின்றன. ஒருவர் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டால் எதை வைத்து நிரூபிப்பது? அந்த எண்களைக் காப்பது கடினம். வாங்கியவர் செய்துகொண்ட ஒப்பந்தம் என்ற அளவில்தான் உரிமத்துக்கு வலு. செய்ய முடியாத மிரட்டலை எழுதிவைப்பதைவிட, எது செய்யலாம், எது கூடாது என்பது படித்ததும் புரியும்படி இருப்பது மேல் என்று தோன்றியது.

## பின்விளைவு

38 பேரில் 26 பேர் படத்தை அழித்துவிட்டதாகப் பதில் எழுதிப் புதிய தொகுப்பைப் பெற்றுக்கொண்டார்கள். 7 பேர் அழித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். 5 பேரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. மூன்று முறை எழுதியாகிவிட்டது. அழித்தோம் என்றவர்கள் உண்மையில் அழித்தார்களா என்று சரிபார்க்கவும் வழியில்லை.

மணவீட்டார் இழப்பீடு வேண்டாம் என்றார்கள். எழுத்தில் மன்னிப்பையும், திருமணத்தின் மூல ரா கோப்புகள் அனைத்தையும் கேட்டார்கள். ஒரு வன்தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மணப்பெண்ணின் அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். மணப்பெண் அன்று வெளியே வரவில்லை. அதன் பிறகு அந்த உறவினர் வட்டத்திலிருந்து இவர்களுக்குத் திருமண வேலை எதுவும் வரவில்லை.

புதிய தொகுப்பு நான்கு மாதத்தில் 52 விற்றது, 9,360 ரேண்ட். பழையது மூன்றே வாரத்தில், திருப்பிய பணம் போக, 13,950 ரேண்ட் ஈட்டியது. வருமானம் குறைந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. புகார்கள் 3. அவற்றில் இரண்டு ஊதா விளக்கு மண்டபத்தைப் பற்றியவை. தோற்ற படத்தைக் காட்டியதும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் ஜேபெக்குக்கு ரா வடிவத்தைப் போட்டிருந்தார். அதன் பிறகு கோப்புகளின் பெயரிலேயே 'கைப்பேசிப் படம்', 'ரா படம்' என்று எழுதிவிட்டார்கள்.

## மறுபடி செய்தால் மாற்றுவது

திருமண ஒப்பந்தத்தை முதலில் திருத்தியிருப்போம், பிரீசெட் வேலை பிறகுதான். இப்போது அவர்களுடைய ஒப்பந்தத்தில் மூன்று தனிக் கட்டங்கள் உள்ளன: ஆல்பத்தை மாதிரியாகக் காட்டலாமா, எந்தெந்தப் படங்களைப் பொதுவில் போடலாம், விற்பனை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா. மூன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. ஒன்றுக்குச் சொன்ன சரியை மற்றொன்றுக்கும் நீட்டக்கூடாது என்பதற்காக அப்படி. விற்கும் கோப்புக்குள் வாடிக்கையாளர் படத்தை வைப்பதற்குக் கட்டமே இல்லை.

எல்லோருக்கும் ஒரே இணைப்பைக் கொடுத்ததையும் மாற்றியிருப்போம். இப்போது ஒவ்வொருவருக்கும் 7 நாளில் காலாவதியாகும் தனி இணைப்பு. கோப்பில் தவறு இருந்தால், யார் இன்னும் இறக்கவில்லையோ அவர்கள் வரைக்குமாவது தடுக்க முடியும்.

என் பங்கிலும் ஒரு தவறு இருக்கிறது. முதல் நாள் புகார்களைப் பார்க்கப் போனபோதே அந்தக் கோப்புகளை நான் திறந்தேன். நலங்குப் படம் என் திரையில் வந்தது. ஆரஞ்சு அளவு எத்தனை என்று பார்க்கும் அவசரத்தில், இது யார் வீட்டுப் பெண், இந்தப் படம் ஏன் இங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அண்ணனின் அழைப்பு வருவதற்கு ஒன்பது நாள் முன்பே இணைப்பை மூடியிருக்கலாம். அந்த ஒன்பது நாளில் மட்டும் 6 பேர் வாங்கியிருந்தார்கள். பதில் எழுதாத 5 பேரில் இருவர் அந்த ஆறு பேரில் அடக்கம்.